கன்சாலிடேட்டட் லாபத்த பாத்து ஏமாறாதீங்க

ஷேர் வாங்க ரிசல்ட் பாக்குறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். கன்சாலிடேட்டட்னா தாய் கம்பெனியையும் துணை கம்பெனிங்களையும் சேத்து ஒரே கணக்கா காட்டுறது. தாய் கம்பெனி கையில 60% பங்குதான் இருந்தாலும், கன்ட்ரோல் அவங்ககிட்ட இருக்கறதால துணை கம்பெனியோட வருமானம், செலவு, கடன், சொத்து எல்லாத்தையும் 60% இல்ல, முழு 100% சேத்துதான் காட்டுவாங்க, ரெண்டு கம்பெனியும் ஒன்னுக்கொன்னு வித்துக்கிட்டத மட்டும் கழிச்சிடுவாங்க.

தாய்க்கு சொந்த லாபம் 50 கோடி, துணைக்கு 100 கோடின்னா மொத்தம் 150னு வரும். ஆனா துணையோட லாபத்துல 40 கோடி மத்த ஷேர்ஹோல்டருங்களோடது, அதுதான் நான்-கன்ட்ரோலிங் இன்ட்ரஸ்ட். தாய் கம்பெனி ஷேர் வச்சிருக்கற நமக்கு 110 கோடிதான், ஒரு ஷேருக்கு எவ்ளோ லாபம்னு சொல்ற இபிஎஸ்ஸும் இத வச்சுதான். பேலன்ஸ் ஷீட்லயும் அவங்க பங்கு ஈக்விட்டிக்குள்ளயே தனி வரியா இருக்கும், கடன்னு நெனச்சுடாதீங்க. பஜாஜ் ஃபின்சர்வ் ரிசல்ட்ட எடுத்து, லாபத்துக்கு கீழ ரெண்டா பிரிச்சிருக்கற அந்த வரிய பாருங்க, எவ்ளோ பெரிய தொகை வெளிய போகுதுன்னு தெரியும்.