எர்த் குழி எத்தனை இருந்தாலும் ஒன்றாக இணைத்துவிடுங்கள்

ஆன்டெனா டவருக்கு ஒரு எர்த், கருவி அறைக்கு ஒரு எர்த் என்று தனித்தனியாக விட்டிருக்கிறார்களா? மின்னல் காலத்தில் கருவியின் சர்க்யூட் கார்டுகள் கருகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மின்னல் கருவிக்குள் வராமல் இருக்கத்தான் பிரித்து வைத்தோம் என்பார்கள். நடப்பது நேர்மாறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டவரில் 30,000 ஆம்பியர் இறங்குகிறது, டவர் எர்த் 5 ஓம் என்றால், அந்த நொடியில் டவரின் அடிப்பகுதியே சுமார் 1,50,000 வோல்ட்டுக்கு ஏறிவிடும். அறையின் எர்த் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஆன்டெனாவிலிருந்து அறைக்கு வரும் ஃபீடர் கேபிளும் கருவியும்தான். மின்னோட்டம் அந்த வழியாகத்தான் பாயும். இரண்டையும் மண்ணுக்கடியில் கனமான செம்புப் பட்டையால் இணைத்தால் எல்லாம் சேர்ந்தே ஏறி இறங்கும், வித்தியாசம் வெகுவாகக் குறையும்.

ஃபீடரின் உறையை அறைக்குள் நுழையும் இடத்துக்கு வெளியிலேயே எர்த் பட்டையோடு சேருங்கள். அந்த வயர் குட்டையாக, வளைவில்லாமல் கீழ்நோக்கி இறங்கட்டும். மிச்ச வயரைச் சுருட்டிக் கட்டி வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். மின்னலின் வேகத்துக்கு ஒரு மீட்டர் வயரிலேயே ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கும்.

அப்புறம், எர்த் ஓம் அளவை மழையில் எடுத்துத் திருப்திப்படாதீர்கள். ஈர மண் நல்ல அளவைத்தான் காட்டும். வறண்ட நாளில் எடுங்கள். எர்த் இணைப்பில் பச்சை பூத்த போல்ட்டைக் கழற்றித் தேய்த்து முறுக்குவதையும் இடி தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.