வீட்டுக்கு எத்தனை லிட்டர் பெயின்ட்? கணக்கு பிசகும் இடங்கள்

தீபாவளி நெருங்கும்போது பெயின்ட் கடைகளில் கேட்கும் கேள்வி இதுதான்: "நாலறை வீடு, எத்தனை டின் வேணும்?" கடைக்காரரும் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். அது சரியா என்று பார்க்கப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். சுவரின் பரப்பைக் கண்டுபிடித்து, கதவு ஜன்னலைக் கழித்து, எத்தனை கோட் என்பதால் பெருக்கி, ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும் என்பதால் வகுக்க வேண்டும். ஆனால் பலர் கவலைப்படுவது ஜன்னலைக் கழிப்பது பற்றி. கணக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் கடைசியில் வரும் வகுத்தல்தான்.

பொங்கோலில் உள்ள ஒரு வீவக வீட்டின் படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 3.6 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 2.6 மீட்டர். நான்கு சுவர்களின் சுற்றளவு 13.2 மீட்டர். உயரத்தால் பெருக்கினால் 34.3 சதுர மீட்டர். கதவு 0.85க்கு 2.1, அதாவது 1.8 சதுர மீட்டர். ஜன்னல் 1.8க்கு 1.2, அதாவது 2.2 சதுர மீட்டர். இரண்டையும் கழித்தால் பூச வேண்டியது 30.3 சதுர மீட்டர். இரண்டு கோட் என்றால் 60.6.

இதுவரை எவருக்கும் பெரிதாகத் தப்பாது. தப்பினாலும் இங்கே சேதம் குறைவு. ஜன்னலைக் கழிக்கவே மறந்துவிட்டால் கூடுதலாக அரை லிட்டர் வரும், அவ்வளவுதான். தரைப் பரப்பிலிருந்து தொடங்குவதுதான் இந்தக் கட்டத்தில் வரும் உண்மையான தவறு. பிடிஓ விவரக்குறிப்பில் 93 சதுர மீட்டர் என்று போட்டிருந்தால் அதில் ஏர்கான் கம்ப்ரசர் வைக்கும் திட்டும் சேர்ந்திருக்கும். சுவர்வரை டைல் ஒட்டிய குளியலறையும் அதற்குள்தான். அந்த எண்ணை மூன்றால் பெருக்கு, மூன்றரையால் பெருக்கு என்று சொல்பவர்கள் உண்டு. பட்ஜெட் போட அது உதவலாம், டின் வாங்க உதவாது. ஒவ்வோர் அறையாக டேப் பிடித்து அளப்பதுதான் வழி. உயரத்தையும் அளந்துவிடுங்கள். ஃபால்ஸ் சீலிங் போட்ட அறையில் சுவரின் உயரம் குறைந்திருக்கும்.

கழித்தலில் இன்னொரு குழப்பம், தமிழ்நாட்டில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு வருவது. அங்கே ஐ.எஸ். 1200 என்ற இந்திய அளவீட்டு விதிப்படி அளந்து பழகியிருப்பார்கள்: அரை சதுர மீட்டருக்குக் குறைவான திறப்பைக் கழிப்பதில்லை, அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரண்டு பக்கமும் பூசினாலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிப்பது, அதற்கு ஈடாக ஜன்னல் ஓரத்து உள்மடிப்புகளைக் கூட்டாமல் விடுவது. அது வேலைக்காரருக்குக் கூலி எண்ணித் தருவதற்கான ஏற்பாடு. பெயின்ட் வாங்கும்போது உண்மையில் ரோலர் படும் இடத்தைத்தான் எண்ண வேண்டும். உள்மடிப்பு ஆழமாக இருந்தால் அதைக் கூட்டுங்கள்.

அலமாரி விஷயத்திலும் கவனம் தேவை. கூரைவரை எழும் நிரந்தர அலமாரி ஏற்கெனவே பொருத்தியிருந்தால் அதன் பின்சுவரைக் கழிக்கலாம். அலமாரி வருவதற்கு முன்பே பூசுவதாக இருந்தால் கழிக்காதீர்கள். கட்டிலும் சோபாவும் கழித்தலில் வரவே கூடாது; நாளைக்கே அவற்றை நகர்த்திவிடுவீர்கள்.

சரி, இப்போது வகுத்தலுக்கு வருவோம். டின்னில் "ஒரு லிட்டருக்கு 11 சதுர மீட்டர்" என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணைத் தவறாகப் படிக்க இரண்டு வழிகள் உண்டு, இரண்டுமே பர்ஸைக் கடிக்கும்.

முதலாவது, அது எத்தனை கோட்டுக்கான எண் என்று பார்க்காமல் விடுவது. சிங்கப்பூர் டின்களில் பொதுவாக ஒரு கோட்டுக்குத்தான் கொடுத்திருப்பார்கள். இந்தியாவில் பல பெயின்ட்டுகளுக்குச் சதுர அடியில், இரண்டு கோட்டையும் சேர்த்தே சொல்வது வழக்கம். ஊரிலுள்ள அண்ணன் போனில், "120 சதுர அடிக்கு ஒரு லிட்டர் போதும்பா" என்பார். 120 சதுர அடி என்பது ஏறக்குறைய 11 சதுர மீட்டர். எண் ஒன்றேபோல் இருப்பதால் சந்தேகம் வராது. ஆனால் அவர் சொன்னது இரண்டு கோட்டும் முடிந்த கணக்கு, உங்கள் கையில் இருப்பது ஒரு கோட்டுக் கணக்கு. அவர் முறையில் 30.3ஐ 11ஆல் வகுத்தால் இரண்டே முக்கால் லிட்டர்தான் வரும். உங்கள் அறைக்கு அது ஒரு கோட்டுக்கே இழுபறி.

இரண்டாவது, அந்த 11 என்ற எண்ணை அப்படியே நம்புவது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இந்தத் தவறு நேராது. ஒரு லிட்டர் பெயின்ட்டை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர், அதாவது 1,000 மைக்ரான் கனம் இருக்கும். அதில் தண்ணீர் ஆவியாகிப் போன பிறகு மிஞ்சும் திடப்பொருள், கொள்ளளவில் 38 சதவீதம் என்றால், காய்ந்த படலம் 380 மைக்ரான். ஒரு கோட் காய்ந்தபின் 35 மைக்ரான் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் முடிவு செய்தால், 380ஐ 35ஆல் வகுத்து 10.9 என்று வரும். டின்னில் 11 என்று போடுவார்கள். வழுவழுப்பான, உறிஞ்சாத பரப்பில், ஒரு சொட்டும் சிந்தாமல் பூசினால் கிடைக்கும் எண் அது. ரோலருக்குள் நிற்பது, தட்டில் ஒட்டுவது, ஸ்கிம் கோட் என்னும் மெல்லிய சாந்துப் பூச்சுப் போட்ட சுவர் குடிப்பது எதுவும் அதில் இல்லை.

வீட்டுச் சுவரில் நான் 11ஐ 9 என்று வைத்துத்தான் கணக்குப் போடுவேன். சுவர் சொரசொரப்பாக இருந்தால், அல்லது ஆங்காங்கே புதிதாகப் பூசி ஒட்டுப் போட்டிருந்தால் 8. நம் படுக்கையறைக்கு 11ஆல் வகுத்தால் 5.5 லிட்டர், 9ஆல் வகுத்தால் 6.7 லிட்டர். ஐந்து லிட்டர் டின் ஒன்றும் ஒரு லிட்டர் டின் ஒன்றும் போதும் என்று நினைத்திருந்தவர், கடைசிச் சுவரில் பாதியில் நின்றுபோவார். ஒரு லிட்டர் டின் இரண்டாக வாங்கியிருந்தால் 7 லிட்டர், சரியாக இருந்திருக்கும். ஜன்னலால் வந்த வித்தியாசம் அரை லிட்டர், இந்த ஓர் எண்ணால் வந்தது 1.2 லிட்டர்.

கோட் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. பெயின்ட்டுக்கு முன் அடிப்பூச்சாகச் சீலர் பூசினால் அது இரண்டு கோட்டில் ஒன்றல்ல. அது தனி டின், தனிக் கணக்கு, அதன் பரப்பு எண்ணும் வேறு. அடர்ந்த நிறச் சுவரின்மேல் வெளிர் நிறம் போடப்போகிறீர்கள் என்றால் மூன்றாவது கோட்டையும் சேர்த்தே எண்ணுங்கள். பளீர் மஞ்சளும் சிவப்பும் அடிநிறத்தை அவ்வளவு எளிதில் மறைக்காது, அவற்றுக்கும் மூன்று என்றே வைத்துக்கொள்வது நல்லது.

பெயின்ட்டரை வைத்து மொத்தக் கூலிக்குப் பூசுபவர்களுக்கு இதே கணக்கு வேறு விதத்தில் உதவும். மேலே சொன்ன வீட்டில் மூன்று படுக்கையறைகளும் வரவேற்பறையும் நடைவழியும் சேர்த்து, கழித்தல் போக, சுவர் மட்டும் 145 சதுர மீட்டர் என்று வைப்போம். இரண்டு கோட்டுக்கு 290. ஒன்பதால் வகுத்தால் 32 லிட்டர். கூரை இதில் இல்லை, அதற்கு வெள்ளை தனி. இப்போது பெயின்ட்டர் சுவர்கள் முழுவதற்கும் 20 லிட்டர் வாளி ஒன்றே ஒன்றைக் கொண்டுவந்து இறக்குகிறார். டின்னில் எழுதியிருப்பதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் 20 லிட்டர் 220 சதுர மீட்டருக்குத்தான் வரும். அது ஒன்றரை கோட். வீட்டு நிலவரத்தில் 180, ஒன்றேகால் கோட்டுதான். மீதியை அவர் வாங்கி வரப்போகிறாரா, அல்லது தண்ணீர் ஈடுகட்டப் போகிறதா என்று அப்போதே கேட்டுவிடலாம். "அண்ணே, மிச்சம் எப்ப வருது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாலும் போதும், கணக்குத் தெரிந்தவர் வீடு என்று அவருக்குப் புரிந்துவிடும்.

நீங்களே பூசினால் இன்னும் நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. முதல் அறையில் முதல் கோட் முடிந்ததும், டின்னில் எவ்வளவு குறைந்தது என்று சுத்தமான குச்சியை விட்டுப் பாருங்கள். 30.3 சதுர மீட்டருக்கு 3.6 லிட்டர் போயிருந்தால் உங்கள் சுவரின் உண்மையான எண் 8.4. இரண்டாவது கோட்டில் சுவர் அவ்வளவு குடிக்காது, 3.1 லிட்டர் போகலாம். சராசரி 9. மற்ற அறைகளுக்கு இந்த எண்ணை வைத்து வாங்கினால் ஊகம் தேவையில்லை. அதனால்தான் முழு வீட்டுக்கும் ஒரே நாளில் வாங்காமல், ஒரு பெரிய அறைக்கு மட்டும் முதலில் வாங்கச் சொல்வேன்.

இந்தச் சோதனை எதிர்ப்பக்கமும் பேசும். அதே அறைக்கு முதல் கோட்டில் 2.2 லிட்டர்தான் போனது என்றால் சந்தோஷப்படாதீர்கள். அது லிட்டருக்கு 13.8 சதுர மீட்டர், டின்னில் சொன்ன உச்ச எண்ணையே தாண்டிவிட்டது. தண்ணீர் அதிகமாகக் கலந்திருக்கிறது, அல்லது ரோலரை வறண்டுபோகும் வரை இழுத்திருக்கிறீர்கள். டின்னில் கலக்கலாம் என்று சொல்லும் தண்ணீர் சிறிய அளவுதான். அதற்கு மேல் ஊற்றினால் பரப்பு கூடியதாகத் தெரியும், படலம் மெலிந்திருக்கும். மாலை வெயில் சாய்வாக விழும்போது அடிநிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அதுதான் அடையாளம். மிச்சம் பிடித்த பெயின்ட் மூன்றாவது கோட்டாகத் திரும்பக் கேட்கும்.

லிட்டரை டின்னாக மாற்றும்போது, வீட்டின் மொத்தத்தைக் கூட்டிவிட்டுக் கடைசியில் முழு எண்ணாக்காதீர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகச் செய்ய வேண்டும். 4 மீட்டர் நீள வரவேற்பறைச் சுவர் ஒன்றுக்கு மட்டும் அடர்பச்சை என்றால், 10.4 சதுர மீட்டர், மூன்று கோட், ஒன்பதால் வகுத்து 3.5 லிட்டர். அறையில் மிஞ்சிய வெள்ளை அதற்கு உதவாது. நான்கு ஒரு லிட்டர் டின்னா, ஒரு ஐந்து லிட்டர் டின்னா என்று விலையைப் பார்த்து முடிவெடுங்கள். மெஷினில் நிறம் கலந்த டின்னைக் கடைகள் பொதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்ளாது. குறைந்துபோய்ப் பிறகு ஓடினால் இன்னொரு சிக்கல்: இன்னொரு நாள் கலந்த டின் நிறத்தில் மயிரிழை மாறியிருக்கலாம். அதனால் ஒரே சுவருக்கு இரண்டு டின் தேவைப்பட்டால், தொடங்கும் முன்பே இரண்டையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிவிடுங்கள். குறைந்துவிட்ட பிறகு வாங்கி வந்ததாக இருந்தால், புதிய டின்னைச் சுவரின் நடுவில் தொடங்காமல் ஒரு மூலையிலிருந்து தொடங்குங்கள்.