ஊர் மாறி வந்த லாஜிஸ்டிக்ஸ் மேலாளரின் முப்பது வினாடி அறிமுகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடியில் பல வருடம் ஏற்றுமதிச் சரக்கைக் கவனித்த ஒருவர் வேலை மாறி கோயம்புத்தூர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் முருகேசன் என்றே இருக்கட்டும். வந்த முதல் மாதத்தில் உள்ளூர் ஏற்றுமதியாளர்களும் லாரி உரிமையாளர்களும் குடோன் வைத்திருப்பவர்களும் கூடும் ஒரு மாலைச் சந்திப்புக்குப் போகிறார். இருபத்தைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஆளுக்கு முப்பது வினாடி. பெரும்பாலானவர்கள் அப்போது பேசுவது இப்படித்தான்:

“எல்லாருக்கும் வணக்கம். என் பேரு முருகேசன். லாஜிஸ்டிக்ஸ் மேனேஜரா இருக்கேன். சப்ளை செயின், வேர்ஹவுசிங், டிரான்ஸ்போர்ட் எல்லாத்துலயும் 14 வருஷ அனுபவம் இருக்கு. இதுக்கு முன்னாடி தூத்துக்குடில இருந்தேன், இப்ப இங்க மாறி வந்திருக்கேன். ஊருக்குப் புதுசு, யாரையும் அவ்வளவா தெரியாது. ஏதாவது இருந்தா சொல்லுங்க.”

இதில் பொய் எதுவும் இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனாலும் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது இவரைப் பற்றிச் சொல்ல யாரிடமும் ஒரு வரிகூட இருக்காது. அறிமுகம் நினைவில் நின்றதா என்று பார்க்க ஒரே அளவுகோல் போதும்: கேட்டவர் அடுத்த வாரம் வேறொருவரிடம் உங்களைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல முடிகிறதா?

முதல் தவறு, பதவிப் பெயரை வேலையாக நினைப்பது. லாஜிஸ்டிக்ஸ் மேனேஜர் என்றதும் ஒருவர் கூரியர் என்று நினைப்பார், இன்னொருவர் லாரி புக்கிங் என்று, மூன்றாமவர் குடோன் கணக்கு என்று. அவரவர் ஒரு பெட்டியில் போட்டுவிடுவார்கள், பெரும்பாலும் தவறான பெட்டியில். ‘எல்லாத்துலயும் அனுபவம்’ என்று சொல்வது இன்னும் மோசம், ஏனென்றால் எந்தப் பிரச்சினைக்கு உங்களை அழைப்பது என்பது அதிலிருந்து தெரியாது. எது சிக்கிக்கொண்டால் நீங்கள் வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். சரக்கு வேலையில் சிக்கும் இடங்கள் எல்லாருக்கும் கண்ணால் தெரிந்தவை: கேட்டில் நிற்கும் கன்டெய்னர், கப்பலுக்கான கடைசி நேரத்தைத் தவறவிட்ட லாரி, தாளில் ஒரு சீல் எண்ணும் பெட்டியில் வேறு சீல் எண்ணுமாக இருப்பது. இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். மூன்றையும் அடுக்கினால் மறுபடியும் பட்டியலாகிவிடும்.

இரண்டாவது தவறு, புதியவர் என்பதைக் குறையாகச் சொல்வது. நமக்கு இது பணிவின் பழக்கம், தவறென்றே தோன்றாது. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இல்லாத ஒன்று முருகேசனிடம் இருக்கிறது. கோவை, திருப்பூர் ஏற்றுமதிச் சரக்கில் பெரும்பங்கு தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போகிறது. இங்கே உள்ளவர்களுக்குப் பெட்டியை ஏற்றி அனுப்பும் முனை தெரியும். அது போய்ச் சேரும் முனையில் என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் சங்கதி. அந்த முனையில் 14 வருடம் நின்றவர் இங்கே வந்திருக்கிறார். விட்டுவந்த ஊர்தான் அவருடைய அடையாளம். அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு, ‘யாரையும் தெரியாது’ என்பதற்கு நேரம் ஒதுக்குவது பெரிய இழப்பு. உங்கள் இடமாற்றம் வேறாக இருக்கலாம். சென்னையிலிருந்து ஓசூர் வந்தவரும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த ஊர்ச் சரக்கு என் பழைய ஊரை எங்கே தொடுகிறது? தொடவே இல்லையென்றால் ஊரை விட்டுவிட்டுச் சரக்கின் வகையைப் பிடியுங்கள்: குளிர்பெட்டி, ரசாயனம், கனரக இயந்திரம்.

மூன்றாவது, ‘ஏதாவது இருந்தா சொல்லுங்க’ என்ற பொதுவான வேண்டுகோள். இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒரு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய, இடமும் அளவும் உள்ள கேள்வியாகக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் பதில் தெரிந்தவர் தானாகவே எழுந்து வந்து பேசுவார்.

இவற்றையெல்லாம் சரிசெய்தால் அறிமுகம் இப்படி வரும்:

“வணக்கம், நான் முருகேசன். இங்கேருந்து போற கன்டெய்னர் தூத்துக்குடி ஹார்பர் கேட்ல ஏன் நிக்குதுன்னு கண்டுபிடிச்சு உள்ள அனுப்புறதுதான் 14 வருஷமா என் வேலை. போன மாசம்தான் கோயம்புத்தூர் வந்தேன். இப்ப ஒரு பம்பு கம்பெனில ஏற்றுமதி சரக்கைப் பார்த்துக்கறேன். அரசூர் பக்கம் 40 அடி டிரெய்லர் உள்ள போய்த் திரும்புற குடோன் தெரிஞ்சா சொல்லுங்க. தூத்துக்குடில உங்க பெட்டி நின்னா எனக்கு ஒரு போன் போடுங்க. தூத்துக்குடி முருகேசன்.”

எண்ணிப் பாருங்கள், சரியாக 50 சொற்கள். ஆங்கிலத்தில் முப்பது வினாடிக்கு 75 சொற்கள் என்று சொல்வார்கள். அந்தக் கணக்கைத் தமிழுக்கு எடுத்துவந்தால் ஓட்டமாக ஓட வேண்டியிருக்கும். ‘நிக்குதுன்னு’, ‘அனுப்புறதுதான்’ என்று நம் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீளும். அதனால் 45 முதல் 50 வரை வைத்துக்கொள்வது நல்லது. போனில் பதிவுசெய்து கேளுங்கள். 33 வினாடி வந்தால் வேகத்தைக் கூட்டாமல் ஒரு வாக்கியத்தை வெட்டுங்கள்.

பெயர் இரண்டு முறை வருவதற்குக் காரணம் உண்டு. முதல் இரண்டு வினாடி கேட்பவர் காது உங்கள் குரலுக்குப் பழகுவதற்கே போய்விடும், நாற்காலி நகரும் சத்தம் வேறு. கடைசியில் ஊரோடு சேர்த்துச் சொல்லும்போது, கேட்டவர்களுக்கு யார் என்பதோடு எதற்கு என்பதும் சேர்ந்து கிடைக்கிறது. ஊர்ப்பெயரைப் பெயருக்கு முன் வைத்து ஆளை அடையாளம் சொல்வது நம் வழக்கம்தானே. போனில் சேமிக்கும்போதும் அப்படித்தான் சேமிப்பார்கள்.

துறைச் சுருக்கெழுத்துகளில் ஒரு எச்சரிக்கை. வி.ஜி.எம்., சி.எஃப்.எஸ். என்பவை சரக்கு அனுப்புகிறவர்களுக்கு அன்றாடச் சொற்கள். குடோன் உரிமையாளருக்கும் பக்கத்தில் உள்ள ஆடிட்டருக்கும் அவை வெறும் எழுத்துகள். கலந்த கூட்டமென்றால் வி.ஜி.எம்.மை ‘கன்டெய்னர் எடைச் சான்று’ என்றும் சி.எஃப்.எஸ்.ஸை ‘கன்டெய்னர் சரக்கு நிலையம்’ என்றும் சொன்னால் போதும்.

பழைய நிறுவனத்தின் எண்களைச் சொல்வது நிஜமாகவே ஆபத்தான தவறு. ‘ஒரு பெட்டிக்கு இவ்வளவு வாடகைக்கு முடித்தேன்’, ‘இன்னாருடைய சரக்கை நான்தான் பார்த்தேன்’ என்றால், அந்த வாடிக்கையாளரோ அவருடைய போட்டியாளரோ அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். புதிய முதலாளியும் நாளை தன் கட்டண விவரம் இப்படித்தான் வெளியே போகும் என்று நினைப்பார். வருடம், பெட்டி, ஊர் ஆகியவற்றைச் சொல்லலாம். வாடகையும் வாடிக்கையாளர் பெயரும் வேண்டாம். ‘போன் போடுங்க’ என்பதையும் உங்கள் நிறுவனம் அனுமதிக்கும் என்றால் மட்டும் சொல்லுங்கள்.

உட்காரும் இடத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வட்டமாக அமர்ந்து முறைவைத்துப் பேசும்போது, தன் முறைக்குச் சற்று முன் பேசப்பட்டது மனதில் நிற்பதில்லை என்று உளவியலாளர் மால்கம் பிரென்னர் 1973இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அடுத்துப் பேசப்போகிறவர் தன் வரிகளை மனதில் ஓட்டிக்கொண்டிருப்பார், நீங்கள் சொல்வது அவருக்குள் போகாது. அதனால் பேசும்போது ஏற்கனவே பேசி முடித்தவர்கள் பக்கம் பாருங்கள், அவர்கள்தான் இப்போது நிம்மதியாகக் கேட்கிறவர்கள். உங்களுக்கு அடுத்துப் பேசியவரிடம் டீ நேரத்தில் நீங்களாகவே போய், குடோன் கேள்வியை மட்டும் இன்னொரு முறை கேட்டுவிடுங்கள்.