முடிவிலும் ஒருமுறை கை தட்டுங்கள்

போனில் படம், தனி ரெக்கார்டரில் ஒலி என்று பதிவுசெய்பவர்கள், இரண்டையும் பின்னால் பொருத்துவதற்கு அடையாளமாகத் தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டிவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். ஐந்து நிமிடப் பதிவுக்கு அது போதும். ஐம்பது நிமிடப் பேச்சில், முதல் வாக்கியத்தில் கச்சிதமாகப் பொருந்திய உதடும் குரலும் கடைசி வாக்கியத்தில் பிரிந்து நிற்கும்.

கைதட்டலிலேயே சில பிழைகள் நேர்கின்றன. கைகள் சட்டகத்துக்கு வெளியே இருந்தாலோ, உள்ளங்கைகள் சேரும் இடத்தைப் புறங்கை மறைத்தாலோ, எந்த பிரேமில் கை சேர்ந்தது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது. பக்கவாட்டில் தெரியும்படி, ஒரே ஒருமுறை, பேசுபவரின் மைக்குக்கு அருகில் தட்ட வேண்டும். மைக்குக்கு அருகில் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். போன் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் அதன் சொந்த மைக்குக்குச் சத்தம் 29 மில்லி வினாடி தாமதமாக வந்து சேரும். அந்த ஒலியோடு ரெக்கார்டர் ஒலியை ஒட்டினால், நல்ல ஒலியும் கிட்டத்தட்ட ஒரு பிரேம் பிந்திவிடும். எடிட்டிங் மென்பொருளின் தானியங்கி ஒத்திசைவு செய்வதும் இதைத்தான். எனவே தொலைவில் வைத்து எடுத்த படங்களில், கைகள் சேரும் பிரேமைக் கண்ணால் பார்த்து, அலைவடிவம் எழத் தொடங்கும் புள்ளியை அதில் வைப்பதே சரி.

இனி நழுவல், அதாவது தொடக்கத்தில் பொருந்திய படமும் ஒலியும் போகப்போக விலகுவது. போனிலும் ரெக்கார்டரிலும் தனித்தனிக் கடிகாரப் படிகங்கள் ஓடுகின்றன. இரண்டும் 48,000 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் என்று சொன்னாலும், ஒன்றின் 48,000 மற்றொன்றின் 48,000 அல்ல. பத்து லட்சத்தில் நாற்பது பங்கு வேறுபாடு சாதாரணமாக வரக்கூடியது.

அதை அளக்கும் முன் ஒரு வேலை உண்டு. பலர் தவறவிடுவதும் இதைத்தான். போன்கள் பெரும்பாலும் மாறும் பிரேம் வேகத்தில் பதிவுசெய்கின்றன. MediaInfo மென்பொருளில் Frame rate mode என்ற இடத்தில் Variable என்று இருந்தால், சில எடிட்டிங் மென்பொருள்கள் அதைத் தவறாகப் படித்து, நழுவலை இங்கொன்றும் அங்கொன்றுமாகக் காட்டும். அந்தக் கோப்பை வைத்து அளப்பது வீண். முதலில் ffmpeg என்ற கட்டளைவழி மென்பொருளால் நிலையான வேகத்துக்கு மாற்றுங்கள்:

```
ffmpeg -i phone.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a copy cfr.mp4
```

பிறகு அளவிடலாம். ஒரு பேச்சில் முதல் கைதட்டலுக்கும் கடைசிக் கைதட்டலுக்கும் இடையே படத்தில் 3000.00 வினாடி, ரெக்கார்டர் கோப்பில் 3000.12 வினாடி என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தைப் பொருத்தினால் முடிவில் ஒலி 0.12 வினாடி, அதாவது மூன்றரை பிரேமுக்கும் சற்று மேல் பிந்தும். முழு ஒலியையும் முன்னே இழுத்து முடிவைச் சரிசெய்வது மோசமான தீர்வு; பிழை தொடக்கத்துக்கு இடம் மாறும், அதுவும் சத்தம் முந்திக்கொள்ளும் வடிவில். பிந்தும் சத்தத்தைவிட முந்தும் சத்தத்தைத்தான் காது விரைவில் கண்டுகொள்ளும்.

சரியான வழி, ஒலியை 3000.12 ÷ 3000 = 1.00004 மடங்கு வேகப்படுத்துவது. எடிட்டிங் மென்பொருளின் வேகப் பெட்டி இரண்டு தசம இடங்களோடு நின்றுவிட்டால் 100.004 என்பது 100.00 ஆகிவிடும், ஒன்றும் மாறாது. ஆகவே மாதிரி வீதத்தைத் திருத்துங்கள். 48,000 × 1.00004 ஏறத்தாழ 48,002:

```
ffmpeg -i rec.wav -af "asetrate=48002,aresample=48000" fixed.wav
```

எஞ்சும் பிழை ஐந்து மில்லி வினாடி. சுருதி மாற்றம் காதுக்கு எட்டாது. கட்டளை எழுதப் பிடிக்காதவர்கள் ஆயிரம் வினாடிக்கு ஒருமுறை, பேச்சின் இடைவெளியில் ஒலியை வெட்டி 0.04 வினாடி மௌனத்தை நீக்கினாலும் போதும். பேச்சுக்கு அது தெரியாது. தொடர்ந்து ஓடும் இசைக்குச் செய்யாதீர்கள்.

முடிவில் கை தட்ட மறந்திருந்தால், போன் ஒலியிலும் ரெக்கார்டரிலும் பதிவான கதவு அடைபடும் சத்தம் போன்ற கூர்மையான ஒன்றைக் கடைசிப் பகுதியில் தேடுங்கள். தொடக்கத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும். இரண்டு சத்தங்களும் ஒரே இடத்திலிருந்து வந்து, கருவிகளும் நகராமல் இருந்தால், தொலைவால் வரும் தாமதம் இரு முனைகளிலும் சமமாகக் கழிந்துவிடும்.

திருத்தியபின் நடுப்பகுதியையும் பாருங்கள். இரு முனைகளும் பொருந்தி நடுவில் மட்டும் விலகினால் குற்றம் கடிகாரத்தில் இல்லை. பிரேம்கள் விடுபட்டிருக்கும், அல்லது ரெக்கார்டர் கோப்பை இரண்டாகப் பிரித்த இடத்தில் சிறு துண்டு தொலைந்திருக்கும். அப்போது நழுவல் எந்த இடத்தில் திடீரெனத் தாவுகிறது என்று கண்டு அங்கே வெட்டி, அதற்குப் பிந்தைய ஒலியைத் தனியாகப் பொருத்த வேண்டும்.