அலுவலகக் கடிதத்தில் யாரை எப்படி விளிப்பது?

ஒரு கல்லூரி அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மார்ச் 31 நிலவரப்படி இருப்புச் சரிபார்ப்பு நடக்க வேண்டும். அலுவலகக் கண்காணிப்பாளர் இதற்காக மூன்று பேருக்கு எழுத வேண்டியிருக்கிறது: முதல்வருக்கு, தமக்கு நிகரான நூலகருக்கு, தமக்குக் கீழே உள்ள ஆய்வக உதவியாளருக்கு. செய்தி ஒன்றுதான், விளியும் வினைமுடிவும் மூன்று விதமாக மாறும்.

படி 1: பெறுநர் பகுதி

பெயருக்கு முன் ஓர் அடைமொழி, பெயருக்கோ பதவிக்கோ பின் ஓர் 'அவர்கள்'. அவ்வளவு போதும். முனைவர் பட்டம் பெற்றவருக்கு 'முனைவர்' என்றே தொடங்கலாம். அதற்கு முன் 'திரு.' வேண்டியதில்லை. 'மாண்புமிகு' அமைச்சர்களைப் போன்ற பொறுப்புகளில் இருப்பவர்களுக்கு உரியது. கல்லூரி முதல்வருக்கு அதைப் போட்டால் மரியாதை கூடாது, படிப்பவருக்குச் சங்கடம்தான் கூடும். பெண் அலுவலர் திருமணமானவரா என்பது தெரியவில்லையென்றால் 'திருமிகு' என்று எழுதலாம். அனுப்புநர் பகுதியில் உங்கள் பெயருக்கு 'திரு.', 'அவர்கள்' எதுவும் சேர்க்காதீர்கள்.

படி 2: மேலதிகாரிக்கு

விளி 'ஐயா' அல்லது 'அம்மையீர்'. முன்னிலைச் சொல் 'தாங்கள்', 'தங்கள்'. முதல்வர் பெண் என்றால் கடிதம் இப்படி அமையும்:

"அம்மையீர், வணக்கம். மார்ச் 31 நிலவரப்படி இருப்புச் சரிபார்ப்பு நடத்தத் தங்கள் அனுமதி தேவைப்படுகிறது. அதற்கான குழுவை அமைத்து ஆணை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

'அனுமதி தாருங்கள்' என்பதில் அவமரியாதை ஏதும் இல்லை. ஆனால் அது ஏவல் வினை. மேலே செல்லும் கடிதத்தில் 'வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்பதே பொருந்தும். 'பணிவுடன்' ஒருமுறை வந்தால் போதும். வரிக்கு வரி வந்தால் கோரிக்கை கெஞ்சலாகிவிடும்.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வினைமுடிவில்தான். 'தாங்கள் கூறினார்' என்று எழுதுவது பிழை. 'தாங்கள் கூறினீர்கள்' என்பதே சரி. அதுவும் நெருடினால் 'தாங்கள் கூறியவாறு' என்று எச்சமாக்கிவிடுங்கள். வாக்கியம் இயல்பாக ஓடும். முதல் பத்தியில் 'தங்கள்', மூன்றாம் பத்தியில் 'உங்கள்' என்று கலப்பது இன்னொரு குறை. எழுதி முடித்ததும் 'உங்கள்', 'நீங்கள்' எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். ஒன்று தப்பியிருந்தாலும் கண்ணை உறுத்தும்.

'தங்கள்' என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. "உதவியாளர்கள் பதிவேட்டைத் தங்கள் அறையில் வைத்துள்ளனர்" என்று எழுதினால், அது முதல்வர் அறையா, உதவியாளர்களின் சொந்த அறையா? இரண்டு பொருளும் வரும். அந்த இடத்தில் 'தங்கள்' வேண்டாம். 'வேதியியல் ஆய்வகத்தில்' என்று இடத்தின் பெயரையே எழுதுங்கள்.

முடிவில் 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். சில அலுவலகங்களில் 'தங்கள் பணிவுள்ள' வழக்கத்தில் இருக்கிறது. பழைய கோப்பைப் பார்த்து அங்குள்ள வழக்கத்தையே பின்பற்றுங்கள்.

படி 3: நிகரானவருக்கு

"அன்புள்ள நூலகர் அவர்களுக்கு, வணக்கம். நூலக இருப்புப் பதிவேட்டை மார்ச் 25க்குள் அனுப்பி உதவுமாறு வேண்டுகிறேன்." இங்கே 'நீங்கள்' போதும், 'பணிவுடன்' தேவையில்லை. நேரில் 'அண்ணே' என்று அழைக்கும் நெருக்கம் இருந்தாலும் கடிதத்தில் அது வேண்டாம். இந்தத் தாள் கோப்பில் சேரும். நாளை வேறொருவர் எடுத்துப் படிப்பார்.

படி 4: கீழ்நிலைப் பணியாளருக்கு

அதிகக் கவனம் இங்கேதான் வேண்டும். வயதில் இளையவர், நேரில் 'தம்பி, வா' என்று பேசுகிறோம் என்பதற்காக எழுத்திலும் ஒருமை நுழைந்துவிடக் கூடாது. குறிப்பாணை என்றால் படர்க்கையில் எழுதுவது வழக்கம்:

"ஆய்வக உதவியாளர் திரு. (பெயர்), ஆய்வக இருப்புப் பதிவேட்டை மார்ச் 25க்குள் அலுவலகத்தில் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

'திரு.' என்று படர்க்கையில் தொடங்கினால் 'படுகிறார்' என்றே முடிய வேண்டும். 'தாங்கள்' என்று தொடங்கினால் 'படுகிறீர்கள்'. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதிலேயே நில்லுங்கள்.

'தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற வரியைப் பழக்கத்தால் முதல் கடிதத்திலேயே சேர்ப்பவர்கள் உண்டு. கெடுவுக்கு முன்பே மிரட்டுவது முறையல்ல. கெடு தாண்டினால் அடுத்த கடிதத்தில் 'தாமதத்திற்கான விளக்கத்தை எழுத்துமூலம் அளிக்குமாறு' கேட்கலாம், அதிலும் 'திரு.' இருக்க வேண்டும், 'அவர்' என்ற மரியாதைப் பன்மையும் இருக்க வேண்டும். குறிப்பாணையின் அடியில் 'தங்கள் உண்மையுள்ள' வராது. கையொப்பமும் பதவியும் மட்டும் போதும்.