விபிஎன் ஓடுகிறது, ஷேர்டு ஃபோல்டர் திறக்கவில்லை: என் அனுபவம்

காட்பாடி வீட்டிலிருந்து பல வாரங்கள் வேலை. இடையில் அலுவலக பாஸ்வேர்டை வெப் போர்ட்டலில் மாற்றினேன். லேப்டாப் மட்டும் பழைய பாஸ்வேர்டுக்கே திறந்தது. அது லேப்டாப் தனக்குள் சேமித்த பழைய பாஸ்வேர்டின் நகலோடு ஒப்பிட்டுத் தரும் அனுமதிதான். அலுவலகக் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் அதைப் பார்ப்பதே இல்லை. ஷேர்டு ஃபோல்டரைத் திறக்க அனுமதிச் சீட்டான கெர்பரோஸ் டிக்கெட்டை அந்தக் கன்ட்ரோலர்தான் தர வேண்டும், பழைய பாஸ்வேர்டுக்குத் தராது. விபிஎன் இணைந்த பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில்:

```
nltest /dsgetdc:%USERDNSDOMAIN%
klist
```

முதல் வரிக்குக் கன்ட்ரோலரின் பெயர் வந்தது. வராவிட்டால் கோளாறு விபிஎன் அல்லது டிஎன்எஸ்ஸில். இரண்டாவதில் `Cached Tickets: (0)`, அதாவது டிக்கெட்டே இல்லை.

விபிஎன்னைத் துண்டிக்காமல் Win+L அழுத்தி, புதிய பாஸ்வேர்டில் திறந்தேன். சேமித்த நகலோடு அது பொருந்தாததால் விண்டோஸ் கன்ட்ரோலரையே கேட்கிறது, நகலும் புதுப்பிக்கப்படுகிறது. மறுபடி `klist` போட்டால் `krbtgt` டிக்கெட் தெரியும். லாக் செய்ததும் துண்டிக்கிற விபிஎன்னில் இது பலிக்காது. லாகின் திரையிலேயே இணையும் வசதி வேண்டும். ஃபோல்டர் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில் தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், அக்கவுன்ட் லாக் ஆகலாம்.