சளி போன பிறகும் விடாத வறட்டு இருமல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் பிடிக்கும் ஜலதோஷம் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். காய்ச்சலும் மூக்கொழுகலும் போன பிறகு தொண்டையில் ஒரு நமைச்சலும் சளியே வராத இருமலும் மட்டும் வாரக்கணக்கில் தங்கிவிடுவதுண்டு. வைரஸ் புண்ணாக்கிய சுவாசக் குழாயின் உட்புறம் இன்னும் ஆறவில்லை என்பதே காரணம். அங்குள்ள நரம்புகள் கூருணர்வோடு இருப்பதால் நாலு வார்த்தை பேசினாலும், கொசுவர்த்திப் புகை பட்டாலும் இருமல் கிளம்பும். இது எட்டு வாரம் வரைகூட நீளலாம்.

மஞ்சக்குப்பத்தில் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி இப்படி இருமுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வாரம் மருந்துக்கடையில் கேட்டு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறார். பலனில்லை. கொல்வதற்குக் கிருமியே இல்லாதபோது பலன் எங்கிருந்து வரும்? அடுத்த வாரம் "அதைவிட வலுவானது" என்று லீவோஃப்ளாக்சசின் வாங்குகிறார். இது முன்னதைவிடப் பெரிய தவறு. அந்த மாத்திரை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். ஒருவேளை அவருக்கு இருப்பது காசநோயாக இருந்தால், சில நாள் குறைந்ததுபோல் காட்டி, பரிசோதனையிலும் பிடிபடாமல் நோயை மறைத்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டு நடைமுறை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். பரிசோதனைக்குக் கொடுக்கச் சளி வரவில்லையே என்று திரும்பிவிடாமல், மார்பு எக்ஸ்ரே எடுக்கலாமா என்று கேட்க வேண்டும்.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால், அடுத்து பார்க்க வேண்டியது அவருடைய மாத்திரை டப்பா. இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் அல்லது ராமிப்ரில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு இதே மாதிரி வறட்டு இருமல் வரும். மருந்து தொடங்கிப் பல மாதம் கழித்தும் வரும். ஜலதோஷத்தின் மேல் பழி போட்டுவிட்டு இதை யாரும் நினைப்பதில்லை. தாமாக நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் சொன்னால் டெல்மிசார்டன் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார். மாற்றிய மறுநாளே இருமல் நிற்காது. பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும்.

இவை எதுவும் இல்லை, வைரஸ் விட்டுப்போன இருமல்தான் என்றால், தொண்டையைச் செருமிச் செருமிப் பார்ப்பதை முதலில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு செருமலும் ஆறாத இடத்தையே மீண்டும் உரசுகிறது. நமைச்சல் எழும்போது எச்சிலை விழுங்கலாம், அல்லது ஒரு வாய் வெந்நீர் குடித்து மூக்கால் மெதுவாக மூச்சு விடலாம். படுக்கும் முன் ஒரு கரண்டி தேன் நல்லது. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் கூடாது. கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை கட்டலாம், சாம்பிராணியைச் சில வாரம் தள்ளிவைக்கலாம்.

இருமலில் இரத்தம், மூச்சிரைப்பு, எடை குறைதல், மாலைக் காய்ச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எட்டு வாரக் கணக்கு செல்லாது. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.